நந்தனார் மெட்டில் ஒரு வெள்ளைக்கார துரை

தேர்தல் நேரத்தில் பொத்தேரி ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே, ஜி.எஸ்.டி. சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று ஊர்ந்து போகும். மெட்டு எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு, வரிகள் மட்டும் வேட்பாளருக்காக மாற்றி எழுதியவை. பஸ்ஸுக்கு நிற்கிற கல்லூரி மாணவர் முகம் சுளிப்பார். அடுத்த நிமிஷமே அவர் உதடு அந்த மெட்டை முணுமுணுக்கும். காதுக்கு ஏற்கெனவே பழகிய வழியில் புதிய சொல் வந்தால், அதைத் தடுத்து நிறுத்த மனசுக்குத் தெரியாது.

இந்த உத்தியைக் கட்சிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே இதை மிகக் கூர்மையாகப் பயன்படுத்தியவர் சுப்பிரமணிய பாரதி. ஆனால் அவருடைய தேசியப் பாடல்களில் பள்ளிக்கூட விழாக்களில் பாடப்படுபவைதான் நம் நினைவில் இருக்கின்றன. நந்தனார் சரித்திரத்தின் மெட்டுகளில் அவர் எழுதிய அரசியல் பாடல்கள் ஏனோ மேடை ஏறுவதில்லை. அவை கொஞ்சம் கசப்பானவை. பாடியவரையும் கேட்டவரையும் சேர்த்தே குத்துபவை. சுதேசி இயக்கத்தில் ஒரு பாட்டு என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவற்றைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த மூலக் கதை.

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் நம் பக்கத்துக்காரர். குன்றத்தூரில் பிறந்தவர். அவர் சொல்லும் திருநாளைப்போவார் கதையில் நந்தன் ஆதனூரில் பிறந்தவன். (கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்த ஆதனூர் இல்லை. இது கொள்ளிடக் கரையில் இருந்த ஆதனூர்.) கோயில் முழவுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்கிறான். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் போய், தீயில் மூழ்கி எழுந்து இறைவனோடு கலக்கிறான். இந்தக் கதையில் நந்தனைத் தடுக்கும் பண்ணையார் யாரும் கிடையாது. அவனைத் தயங்க வைப்பது தன் பிறப்பைப் பற்றிய அவனுடைய நினைப்புத்தான்.

பண்ணையாரைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. மாயவரத்துக்குப் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த அவர், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நந்தன் கதையைக் கதாகாலட்சேபத்துக்கான இசை நாடகமாக எழுதினார். அதில் நந்தன் ஒரு வேதியரின் பண்ணை அடிமை. தில்லைக்குப் போக உத்தரவு கேட்கிறான். வேதியர் திட்டுகிறார், கேலி செய்கிறார், மிரட்டுகிறார். சேரிப் பெரியவர்களும் நந்தனிடம், நம் ஜாதிக்கு இதெல்லாம் தகுமா, ஆண்டையைப் பகைத்துக்கொள்ளாதே என்கிறார்கள். கடைசியில் வேதியர் ஒரு நிபந்தனை போடுகிறார்: நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ. ஒரே இரவில் இறையருளால் பயிர் விளைந்து நிற்கிறது. அதைப் பார்த்த வேதியர் நந்தனின் காலில் விழுகிறார்.

இந்த நூலுக்குப் புலவர்களிடம் முதலில் மரியாதை கிடைக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டு கோபாலகிருஷ்ண பாரதி பலமுறை நடந்தார். இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பிள்ளை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒருநாள் திண்ணையில் காத்திருந்த நேரத்தில் கோபாலகிருஷ்ண பாரதி தன் பாட்டுகளையே பாடிக்கொண்டிருக்க, உள்ளே இருந்து கேட்ட பிள்ளை மனம் உருகிப் பாயிரம் கொடுத்தார் என்று உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். ஏட்டில் பார்த்தபோது குறையாகப் பட்டது, காதில் விழுந்தபோது நிறைவாகப் பட்டது. படித்தவர் பத்துக்கு ஒருவர்கூட இல்லாத அந்தக் காலத்தில், நந்தன் பாட்டு ஊர் ஊராகப் பரவியது காது வழியாகத்தான். கல்யாண வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் பாகவதர்கள் பாடினார்கள். சமையலறையில் பெண்கள் பாடினார்கள். வேதியர் நந்தனைத் திட்டும் பாட்டு எது, நந்தன் கெஞ்சும் பாட்டு எது என்று எழுத்துத் தெரியாதவருக்கும் தெரிந்திருந்தது.

சுப்பிரமணிய பாரதி கைவைத்தது இங்கேதான்.

1906-ல் சென்னையில் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை தொடங்கியது. பாரதி அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். வங்கத்திலிருந்து சுதேசி அலை வந்துகொண்டிருந்தது. 1907 மே மாதம் விபின் சந்திர பாலர் சென்னைக்கு வந்து கடற்கரையில் சொற்பொழிவுகள் செய்தார். கூட்டம் கூடியது. கூட்டத்தில் பாட வேண்டும். பாடினால் வீட்டுக்குப் போகும்போது ஜனங்களும் பாட வேண்டும். புது மெட்டுப் போட்டுக் கற்றுக்கொடுக்க நேரம் ஏது? நந்தன் மெட்டு கையிலேயே இருந்தது.

அந்த வரிசையில் ஒரு பாடல், சுயராஜ்யம் கேட்கும் இந்தியனிடம் ஓர் ஆங்கிலேய அதிகாரி பேசுவதாக அமைந்தது. வேதியர் நந்தனை ஜாதிப் பெயர் சொல்லி அழைத்து, உனக்கு மார்கழித் திருவாதிரை ஒரு கேடா என்கிற தோரணையில் பாடும் பாட்டின் மெட்டு அதற்கு. மூலத்தில் ஒரு சிறிய விஷயம் கவனிக்கத்தக்கது. வேதியர் பாடும் அடி பாதியில் ஒரு கணம் நிற்கும். நிற்கும் இடத்தில் ஜாதிப் பெயர் விழும். அந்த நிறுத்தம்தான் பாட்டின் சாட்டை. பாரதி மெட்டையும் நிறுத்தத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஜாதிப் பெயர் இருந்த அதே இடத்தில் ‘அடிமை’ என்ற சொல்லைப் பொருத்தினார். திருவாதிரை இருந்த இடத்தில் சுதந்திர நினைப்பு வந்து உட்கார்ந்தது.

கேட்டவர் மனசில் என்ன நடந்திருக்கும்? மெட்டு தொடங்கியதுமே காது அடுத்து வரவேண்டிய ஜாதிப் பெயரை எதிர்பார்க்கிறது. அது வரவில்லை, வேறு சொல் வருகிறது. ஆனாலும் பழைய சொல்லின் நிழல் போகவில்லை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் காலட்சேபம் கேட்டவர்களில் பெரும்பாலோர் மேல்ஜாதிக்காரர்கள். நந்தன் கதையைக் கேட்கும்போது அவர்கள் தம்மை வேதியர் பக்கத்தில் வைத்தே கண்ணீர் விட்டுப் பழகியவர்கள். இப்போது அதே மெட்டில், அதே திட்டுக்குரிய இடத்தில் அவர்களே நிற்கிறார்கள். வேதியர் இடத்தில் தொப்பி போட்ட துரை. ‘நீ உன் பண்ணையாளை எப்படி நடத்துகிறாயோ, அப்படித்தான் வெள்ளைக்காரன் உன்னை நடத்துகிறான்’ என்பதை விளக்கப் பாரதி ஒரு வரிகூடச் செலவழிக்கவில்லை. அந்த வேலையை மெட்டே செய்துவிட்டது.

துரை என்ன கேட்கிறான் என்பது அடுத்த நுட்பம். பாட்டு முழுக்கக் கேள்விகள். உங்கள் ஜாதிச் சண்டை முடிந்துவிட்டதா? சமயச் சண்டை போய்விட்டதா? பயம் விட்டதா? கையேந்திப் பிழைக்கிற ஆசையை ஒழித்தாயிற்றா? கப்பல் ஏறுவாயா, கடலைத் தாண்டுவாயா? ஒற்றுமை பழகிவிட்டாயா? உடம்பில் வலு இருக்கிறதா? இவ்வளவும் இகழ்ச்சியாகத்தான் கேட்கப்படுகின்றன. ஆனால் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். அன்றைய சமூகச் சீர்திருத்தக்காரர் ஒருவர் தம் ஜனங்களைப் பார்த்துக் கேட்க ஆசைப்பட்ட கேள்விகள்தான் இவை. ஜாதியை விடு, மதச்சண்டையை விடு, கடல் தாண்டினால் தீட்டு என்பதை விடு, உடம்பைப் பலப்படுத்து. இதை ஒரு சீர்திருத்தக்காரர் மேடையில் சொன்னால் உபதேசம். சொன்னவர் மேல் கோபம் வரும், அல்லது தூக்கம் வரும். எதிரியின் வாயில் போட்டால் அதுவே அவமானம். அவமானத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பதில் சொல்ல ஒரே வழி, அந்தக் குறைகளை நிஜமாகவே ஒழிப்பதுதான். அந்தக் காலத்து அரசியலில், முதலில் சமூகச் சீர்திருத்தமா, முதலில் சுயராஜ்யமா என்று இரண்டு கட்சிகளாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாரதி அந்த விவாதத்தில் நேராக இறங்காமல், இரண்டையும் ஒரே வசவுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார்.

கப்பல் பற்றிய கேள்விக்கு அன்று இன்னொரு சூடும் இருந்தது. 1906 அக்டோபரில்தான் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்திருந்தார். கப்பல் ஓட்டுவாயா என்று துரை கேட்கும்போது, கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஓட்டியாகிவிட்டதே!

பாட்டில் அந்த இந்தியன் ஒரு பதிலும் சொல்வதில்லை. மௌனமாக நிற்கிறான். ஆனால் கேட்பவருக்குக் கதை முழுக்கத் தெரியும். இத்தனை திமிராகப் பேசிய வேதியர் கடைசியில் என்ன ஆனார்? நந்தன் காலில் விழுந்தார். துரை குரல் உயர உயர, கேட்பவர் அந்த முடிவை நினைத்துக்கொள்கிறார். துரை விழுவான் என்று பாட்டில் எங்கும் இல்லை. பாரதி அப்படி எழுதவும் இல்லை. மெட்டைத் தெரிந்தவர் தாமாகவே முடித்துக்கொண்டார். ராஜத்துரோகச் சட்டம் தலைக்கு மேல் தொங்கிய காலத்தில் எழுதாமல் விட்ட பகுதிதான் பாதுகாப்பானது. ஒருவேளை பலமானதும் அதுதான்.

கதையில் வரும் சேரிப் பெரியவர்களையும் பாரதி சும்மா விடவில்லை. ஆண்டையைப் பகைக்காதே என்று நந்தனிடம் கெஞ்சுகிற அந்தக் கிழவர்களின் பாட்டு மெட்டில், மிதவாதிகள் புதிய கட்சித் தலைவரிடம் கெஞ்சுவதாக இன்னொரு பாடல் இருக்கிறது. மிதவாதிகள் யார்? ஹைகோர்ட்டில் வாதாடிய பெரிய வக்கீல்கள், பட்டதாரிகள், பங்களாக்காரர்கள். அவர்களை அடிமைச் சேரியின் பயந்த கிழவர்கள் இடத்தில் நிறுத்தியது சாதாரணக் கிண்டல் இல்லை. நம் ஜாதிக்கு இது அடுக்குமா என்ற வாதத்தில் ‘ஜாதி’ என்பதற்கு இப்போது ‘இந்தியர்’ என்று பொருள். சுயராஜ்யம் நமக்கு அதிகம், கிடைத்ததை வாங்கிக்கொள்வோம் என்று சொல்பவர் எத்தனை படித்திருந்தாலும் தன்னைத் தானே தாழ்த்திக்கொண்டவர் என்கிறது பாட்டு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மிதவாதிகளின் பெரிய தலைவர்களில் ஒருவரான மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர், 1907-ல் பாரதி பாடக் கேட்டு நெகிழ்ந்துபோய், அவருடைய மூன்று பாடல்களைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அவை தேசத்தைத் தாயாக வணங்கும் பாடல்கள். கட்சி பார்க்காமல் எல்லோரும் பாடலாம். நந்தன் மெட்டுப் பாடல்கள் அப்படி இல்லை. அவற்றைப் பாட வேண்டுமென்றால் பாடுபவர் ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டும். ஒரே கவிஞர், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே காலம். அச்சாகி வீடு வீடாகப் போன பாடலுக்கு ஒரு வகை வாசகர், கடற்கரை மணலில் உட்கார்ந்து கேட்ட பாடலுக்கு வேறு வகை வாசகர். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ‘தேசபக்திப் பாடல்கள்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதுதான் நம் பாடப்புத்தகங்களின் பழக்கம்.

பிறகு 1908 மார்ச் வந்தது. வாழ்க்கையே பாட்டைப் போல நடந்தது.

விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையான நாளைக் கொண்டாட மார்ச் 9-ஆம் தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஏற்பாடு செய்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் வெற்றியாக முடிந்திருந்தது. திருநெல்வேலி கலெக்டர் விஞ்சு, வ.உ.சி.யைக் கூப்பிட்டனுப்பினார். மார்ச் 12-ஆம் தேதி சந்திப்பு. அரசியலில் ஈடுபடக் கூடாது, மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றார் கலெக்டர். வ.உ.சி. மறுத்தார். அன்றே கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

இந்தச் சந்திப்பை வைத்துப் பாரதி ஒரு ஜோடிப் பாடல் எழுதினார். முதலாவதில் கலெக்டர் விஞ்சு பேசுகிறார், இரண்டாவதில் சிதம்பரம் பிள்ளை பதில் சொல்கிறார். பழைய பாட்டில் பெயரில்லாத துரை, இங்கே நிஜமான கலெக்டர். மௌனமாக நின்ற இந்தியனுக்கும் இப்போது பெயரும் வாயும் வந்துவிட்டன.

கலெக்டரின் பாட்டு ஒரு குற்றப்பத்திரிகை. நீ இதைச் செய்தாய், அதைச் செய்தாய் என்று அடுக்குகிறார். நாடெங்கும் சுதந்திர ஆசையை விதைத்தாய், நெருப்பு மூட்டினாய், கூட்டம் கூட்டினாய். ஒவ்வொரு வினையும் ஒரே மாதிரி ஒலியில் முடிவதால், மேஜையில் அதிகாரி விரலால் தட்டித் தட்டிப் பேசுவது போலக் கேட்கும். நடுவில் ‘ஓட்டுதல்’ என்ற சொல்லை வைத்து ஒரு விளையாட்டு. கப்பலை ஓட்டியவர் உண்மையில் வெள்ளைக்காரரையே ஓட்டப் பார்க்கிறார் என்று கலெக்டர் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். குற்றச்சாட்டு என்ற பெயரில் வ.உ.சி.யின் சாதனைப் பட்டியலை கலெக்டர் வாசித்துவிடுகிறார். புகழ வேண்டியதை எதிரியின் வசவாக மாற்றினால், புகழ்ச்சி பத்து மடங்கு நம்பும்படி ஆகிவிடுகிறது.

வ.உ.சி.யின் பதிலில் தொனி மாறுகிறது. கேள்வி கேட்கும் உரிமை இப்போது இவரிடம் வந்துவிட்டது. சொந்த நாட்டில் அந்நியனுக்கு அடிமையாக இருக்க மாட்டோம் என்கிறார். நாங்கள் பட்டினி கிடக்க நீங்கள் கொழிப்பது நியாயமா என்கிறார். உடம்பைத் துண்டு துண்டாக வெட்டினாலும் எண்ணம் மாறாது என்கிறார். முந்தைய பாட்டில் கேள்விகளை வாங்கிக்கொண்டு நின்ற அடிமை, இங்கே கேள்வி கேட்கிறவனாகிறான். அவனுக்குப் பெயர் சிதம்பரம். நந்தன் போகத் துடித்த ஊரின் பெயர். நந்தன் கதையில் ஊறிய காதுக்கு அது வெறும் பெயராக மட்டும் ஒலித்திருக்காது.

நடந்ததோ வேறு. ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு தீவாந்தரம் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டாலும் 1912 இறுதி வரை அவர் சிறையில் இருந்தார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். ‘இந்தியா’ பத்திரிகையின் பதிவுபெற்ற ஆசிரியர் கைதானதும் பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். வேதியர் காலில் விழவில்லை. அதற்கு இன்னும் 39 ஆண்டுகள் ஆயின.

இதுவரை பார்த்தது கடற்கரைக் கூட்டத்தின் காது. அந்தக் கூட்டத்தில் இல்லாத ஒரு காதும் இருந்தது. கதையில் வருகிற நந்தனின் வாழ்க்கையையே வாழ்ந்துகொண்டிருந்தவர்களின் காது.

பாரதி ‘பண்ணையார், அடிமை’ என்ற உறவை உருவகமாக எடுத்துக்கொண்டார். செங்கல்பட்டு மாவட்டத்தில் அது உருவகம் இல்லை. 1891-ல் இந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், இங்கிருந்த பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். மிராசுதார்களிடம் வாங்கிய சிறு கடனுக்காகப் படியாள்கள் தலைமுறையாகக் கட்டுண்டு கிடப்பதை அது சொன்னது. குடிசை போட்ட மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் குடியிருப்பை விட்டே விரட்டலாம் என்பதைச் சொன்னது. அவர்களுக்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்துதான் 1892-ல் அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பின்னாளில் ‘பஞ்சமி நிலம்’ என்று பெயர் பெற்றது அதுதான். பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் பக்கம் இன்று கல்லூரிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் நிற்கிற வட்டாரம் அந்த மாவட்டத்தில் அடக்கம்.

ஆக, நந்தன் மெட்டில் துரை பாடிய அதே ஆண்டுகளில், இங்கே நிஜமான நந்தன்கள் நிஜமான ஆண்டைகளிடம் உத்தரவு கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்குப் பாரதியின் உருவகம் எப்படிக் கேட்டிருக்கும்? ‘நாம் எல்லோரும் இப்போது அடிமைகள்’ என்று ஒரு மிராசுதார் பாடினால், அவருடைய படியாள் என்ன நினைத்திருப்பான்?

இதற்குப் பதிலை ஊகிக்க வேண்டியதில்லை. 1907 ஜூனில் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பாரதியின் ‘இந்தியா’வும் பண்டிதரின் பத்திரிகையும் ஒரே நகரத்தில் ஒரே நேரத்தில் வந்தவை. சுதேசிப் பேச்சைப் பண்டிதர் துளியும் நம்பவில்லை. கூட இருக்கிறவனைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாதவன் கேட்கிற சுயராஜ்யம் யாருக்கு என்பதுதான் அவர் எழுத்தின் சாரம். நந்தன் கதையையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. நந்தன் கோயிலுக்குள் போக உத்தரவு கேட்ட அடிமை அல்ல, அவன் ஒரு பௌத்த அரசன், கதை பின்னால் மாற்றப்பட்டது என்றார். வரலாறாக அதை நிரூபிக்க முடியுமா என்பது வேறு விஷயம். வாதத்தின் உத்தி என்று பார்த்தால் அது பாரதியின் உத்திக்கு நேர் எதிர். பாரதி கதையின் ஆட்களை மாற்றினார், கதையை வைத்துக்கொண்டார். பண்டிதர் கதையையே மறுத்தார். ஏனென்றால் அந்தக் கதையில் நந்தனுக்குக் கிடைக்கும் பாத்திரம் எப்போதுமே கெஞ்சுகிறவன் பாத்திரம்தான்.

பாரதியின் பாடல்களுக்கு உள்ள எல்லை இங்கே தெரிகிறது. மேல்ஜாதிக் கேட்போரை அடிமை இடத்தில் நிறுத்தியதில் அவை அபாரமாக வெற்றி பெற்றன. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவரை அவை பார்க்கவில்லை. இழிவாக ஒலித்த ஜாதிப் பெயர் பாட்டிலிருந்து போனது. ஆனால் அந்த இழிவின் நினைவு இருந்தால்தான் மெட்டு வேலை செய்யும். கேட்பவர் ‘என்னைப் போய் அந்த இடத்தில் வைத்தானே’ என்று கொதிக்க வேண்டும், அப்போதுதான் பாட்டு பலிக்கும். அந்தக் கொதிப்பில் ஜாதியை வெறுப்பதும் இருக்கலாம், ‘நான் போய் அவனுக்குச் சமமா’ என்ற ஜாதித் திமிரும் இருக்கலாம். பாட்டு இரண்டையும் பிரித்துக் காட்டாது. துரையின் கேள்விப் பட்டியலில் ஜாதிச் சண்டையும் இடம்பெற்றிருப்பதால் பாரதி எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடற்கரையில் கேட்டவர் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்பது பாடியவர் கையில் இல்லை.

இந்தப் பாடல்களைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. பாரதி கவிதைத் தொகுப்பில் இவற்றைத் தேடினால் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் யார் யாருக்குச் சொல்வது என்றும், இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்றும் போட்டிருக்கும். பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சில மலிவுப் பதிப்புகள் அதை அச்சிடுவதே இல்லை. அது இல்லாவிட்டால் பாட்டு தலைகீழாகிவிடும். துரை சொல்வதைப் பாரதியே சொல்வதாக நினைத்து, ‘பாரதி இந்தியரை இப்படித் திட்டியிருக்கிறாரே’ என்று மேற்கோள் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பாரதி பெயரோடு ஒரு கோபமான வரி வந்தால், அதைச் சொல்வது யார் என்று முதலில் பார்ப்பது நல்லது. அடுத்ததாக, கோபாலகிருஷ்ண பாரதியின் மூலப் பாட்டைக் கேட்டுவிட்டு இதைப் படிக்க வேண்டும். 1935-ல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராகவும் நடித்த படம் வந்தது. 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்த படம் வந்தது. கச்சேரி மேடைகளில் இன்றும் நந்தன் பாடல்கள் பாடப்படுகின்றன. பெரும்பாலும் நந்தன் உருகும் பாடல்கள்தான். வேதியர் திட்டும் பாடல்களைப் பாடகர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. அவை காதிலிருந்து மறைய மறைய, பாரதியின் இந்தப் பாடல்களுக்கு அடியில் இருந்த தரையும் நழுவிக்கொண்டே போகிறது. மெட்டுத் தெரியாதவருக்கு அவை வெறும் வசவாகவே தெரியும்.

நந்தன் பெயரை இன்னொரு விதமாகப் பயன்படுத்தியவரும் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதற்கு நந்தனார் பெயரையே வைத்தார். நந்தன் தீயில் இறங்கிய ஊரில் நந்தன் பெயரில் கரும்பலகை. பாரதி மெட்டை எடுத்துக்கொண்டார், பண்டிதர் கதையை மறுத்தார், இவர் பெயரை மட்டும் எடுத்துப் பள்ளிக்கூட வாசலில் எழுதினார்.

செங்கல்பட்டுப் பக்கம் கதை முடியவில்லை. 1892-ல் ஒதுக்கிய நிலங்களில் பெரும்பகுதி காலப்போக்கில் கைமாறியது. அதை மீட்க வேண்டும் என்று மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்து மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள்.